விதியும் தேடலும்: மேலாளர் ஒரு முடிவை எட்டும் வழி

மேலாண்மை படிக்கும் மாணவர்கள் இந்த வகைக் கேள்வியைச் சந்திக்காமல் தப்புவது கடினம். பண்டகசாலை மேலாளர் ஒருவர், இருப்பு குறித்த அளவுக்குக் கீழே இறங்கியதும் வழக்கமான சப்ளையருக்கு ஆர்டர் அனுப்புகிறார். இன்னொருவர் புதிய ஆலைக்கு இடம் தேடி அலைந்து, தன் நிபந்தனைகளுக்கு முதலில் ஒத்துவந்த இடத்தைப் பேசி முடிக்கிறார். இவர்கள் எடுத்தவை எவ்வகை முடிவுகள்? முதலாவது நிரல்சார் முடிவு. இரண்டாவது நிரல்சாரா முடிவு, எல்லைக்குட்பட்ட பகுத்தறிவுக்கு எடுத்துக்காட்டு. இப்படி எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். விடை தவறும் இல்லை. ஆனால் இந்த விடைக்குப் பின்னால் ஒரு பாகுபாடு ஒளிந்திருக்கிறது. அன்றாட வேலைக்கு விதி போதும், அங்கே அறிவின் போதாமை தலைகாட்டாது. அது பெரிய, புதிய முடிவுகளுக்கே உரிய தொல்லை என்ற எண்ணம் அது. இரண்டு கருத்துகளும் பிறந்த ஆய்வுகளைப் பார்த்தால் இந்தப் பாகுபாடு நிற்பதில்லை. விதியும் அதே போதாமையின் பிள்ளைதான் என்று கருதவே அங்கே அதிக ஆதாரம் இருக்கிறது.

விளையாட்டுத் திடலில் தொடங்கிய ஐயம்

முடிவெடுத்தல் பற்றிய பழைய விடை எளிமையானது. மேலாளர் முன் மாற்றுவழிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் விளைவும் அவருக்குத் தெரியும், அல்லது அதன் நிகழ்தகவாவது தெரியும். தம் விருப்பங்களைத் தரவரிசைப்படுத்தி உச்சப் பயன் தருவதை அவர் எடுக்கிறார். ஃபான் நாய்மனும் மோர்கன்ஸ்டெர்னும் 1944-இல் இதற்குக் கறாரான கணித வடிவம் தந்தார்கள். எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு அந்த வடிவத்தை மிஞ்சியது இன்றும் அரிது. எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற கேள்விக்கும் அதுவே விடை என்று எடுத்துக்கொண்டபோதுதான் சிக்கல் தொடங்கியது.

அந்தச் சிக்கலை ஹெர்பர்ட் சைமன் முதலில் கண்டது தன் சொந்த ஊரான மில்வாக்கியின் நகராட்சி நிர்வாகத்தில். 1930-களின் நடுவில், மாணவராக இருந்தபோது, அங்குள்ள விளையாட்டுத் திடல்களின் நிர்வாகத்தை அவர் ஆராய்ந்தார். திடல்களில் நடக்கும் நிகழ்ச்சிகள் பள்ளி வாரியத்தின் பொறுப்பு. பராமரிப்பு நகரப் பொதுப்பணித் துறையின் பொறுப்பு. பணத்தைப் புல்வெளிக்குச் செலவிடுவதா, பயிற்சியாளர் சம்பளத்துக்குச் செலவிடுவதா என்பதில் ஓயாத பிணக்கு. இரண்டு செலவுகளின் கடைசி டாலரும் சமமான பயன் தரும்படி பிரித்துவிட வேண்டும் என்பது பொருளியல் சொல்லும் வழி. அங்கே ஒருவரும் அப்படிக் கணக்கிடவில்லை; கணக்கிட்டிருக்கவும் முடியாது. ஒவ்வொரு துறையும் தனக்குத் தெரிந்த மூலையிலிருந்து, தனக்குப் பழகிய நோக்கத்தை வைத்தே பேசியது. இந்த அனுபவம் 1947-இல் வந்த அவருடைய நிர்வாக நடத்தை பற்றிய நூலுக்கு வித்தானது.

1955-இல் எழுதிய கட்டுரையில் சைமன் மாற்று மாதிரியைத் தெளிவாக வரைந்தார். வீடு விற்பவரை எடுத்துக்கொள்வோம். வரவிருக்கும் எல்லா விலைக்கேட்புகளின் நிகழ்தகவும் அவருக்குத் தெரியாது. இவ்வளவுக்குக் குறைந்தால் தருவதில்லை என்று மனத்தில் ஒரு விலை வைத்திருக்கிறார். அதைத் தாண்டி வரும் முதல் கேட்புக்கு வீடு கைமாறுகிறது. நாட்கள் போயும் யாரும் வராவிட்டால் மனத்திலுள்ள விலை இறங்குகிறது. எடுத்த எடுப்பிலேயே பலர் வந்து நின்றால் ஏறுகிறது. இங்கே மூன்று அம்சங்கள் உள்ளன: மாற்றுவழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, போதும் என்ற ஒரு மட்டம் இருக்கிறது, அந்த மட்டம் அனுபவத்தால் நகர்கிறது. எல்லைக்குட்பட்ட பகுத்தறிவு என்பதன் சாரம் இதுதான். இதைச் சோம்பல் என்றோ, உணர்ச்சிவசப்படுதல் என்றோ படிப்பது பரவலான பிழை. தெரிந்துகொள்ளும் திறனும் நேரமும் குறைவாக உள்ள ஒருவர் காரணத்தோடு நடந்துகொள்ளும் விதத்தைத்தான் சைமன் விவரித்தார்.

ஒரு கடையின் விலைச்சீட்டு

சைமனும் அவருடைய கார்னெகி சகாக்களும் 1950-களின் பிற்பகுதியில் மேலாளரின் முடிவுகளை இருவகையாகப் பேசத் தொடங்கினார்கள். திரும்பத் திரும்ப வருவதால் கையாள ஒரு முறை வகுத்தாகிவிட்டவை நிரல்சார் முடிவுகள். புதியவை, உருவம் தெளியாதவை, முறை இல்லாதவை நிரல்சாரா முடிவுகள். 1960-இல் வந்த நூலில் இவ்விரண்டையும் தனித்தனிப் பெட்டிகளாகக் கொள்ளாமல் ஒரு நீண்ட கோட்டின் இரு முனைகளாகக் கொள்ளும்படி சைமன் எச்சரித்தார். பாடநூல்கள் முனைகளை வைத்துக்கொண்டு கோட்டை அழித்துவிட்டன.

நிரல்சார் முனை எப்படி இருக்கும் என்பதற்கு ரிச்சர்ட் சையர்ட், ஜேம்ஸ் மார்ச் ஆகியோரின் 1963-ஆம் ஆண்டு நூலில் உள்ள ஆய்வைவிடத் துல்லியமான சான்று கிடைப்பது கடினம். பெரிய பல்பொருள் அங்காடி ஒன்றின் ஒரு பிரிவில், சரக்குக் கொள்முதலையும் விலை நிர்ணயத்தையும் கவனிக்கும் மேலாளர் விலை வைக்கும் விதத்தை ஆய்வாளர்கள் கூர்ந்து பார்த்தார்கள். சாதாரணச் சரக்குக்கு அவர் பின்பற்றிய வழி இரண்டே படி. கொள்முதல் விலையை 0.6-ஆல் வகுக்க வேண்டும். வந்த தொகையை 95 சென்டில் முடியும் மிக அருகிலுள்ள விலைக்கு நகர்த்த வேண்டும். 3 டாலருக்கு வாங்கிய பொருளென்றால் வகுத்ததும் 5 டாலர், விலைச்சீட்டில் 4.95. விற்காமல் தேங்கினால் முதல் தள்ளுபடிக்கு வேறொரு விதி: விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, 85 சென்டில் முடியும் விலைக்குக் கீழே இறக்குவது. அதே பொருளில் மூன்றில் ஒரு பங்கு போனால் 3.30, சீட்டில் ஏறுவது 2.85.

இந்த விதிகளைக் கணினி நிரலாக எழுதி, கடையின் கொள்முதல் சீட்டுகளிலிருந்து எடுத்த மாதிரிகளோடு ஒப்பிட்டார்கள். சாதாரண விலையில் 197 சீட்டுகளுக்கு 188 சென்ட் பிசகாமல் பொருந்தின. சிறப்பு விற்பனை விலைகளில் 58-க்கு 56; தள்ளுபடி விலைகளில் 159-க்கு 140. மேலாளர் கடைக்கு வராத நாளிலும் அவருடைய முடிவைத் தாளில் போட்டுக் காட்டிவிடலாம் என்ற அளவுக்கு நெருக்கம்.

வியப்பு அந்தத் துல்லியத்தோடு நிற்கவில்லை. விதிக்குள் எதெல்லாம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதில் தேவைக்கோடு இல்லை. விலை ஒரு டாலர் ஏறினால் எத்தனை வாடிக்கையாளர் விலகுவார்கள் என்ற மதிப்பீடு இல்லை. இலாபம் என்ற சொல்லே நேரடியாக இல்லை. விற்பனை விலையில் 40 சதவீதம் கடைக்கு என்பது அந்த வணிகத்தில் நெடுநாள் நிலைத்த வழக்கம். 95 சென்ட் முடிவும் அப்படியே. ஒவ்வொரு பொருளுக்கும் உச்ச இலாப விலையைக் கண்டுபிடிக்க மேலாளருக்கு நேரமும் இல்லை, தரவும் இல்லை. எனவே எப்போதோ யாரோ கண்டு, போதும் என்று ஏற்று, பின்பு கேள்வி கேட்பதை நிறுத்திய ஒரு விடையை அவர் மீண்டும் மீண்டும் பயன்படுத்துகிறார். தேடல் முன்பே முடிந்துவிட்டது. அதன் எச்சம் விதியாக நிற்கிறது. நிரல்சார் முடிவில் எல்லைக்குட்பட்ட பகுத்தறிவு இல்லை என்பவர்கள் 0.6 என்ற அந்த எண்ணை இன்னொருமுறை உற்றுப் பார்க்கலாம்.

விதி எப்போது கேள்விக்குள்ளாகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. விற்பனை இலக்கை எட்டிக்கொண்டிருக்கும்வரை எதுவும் அசையாது. இலக்கு தவறினால் மேலாளர் தேடத் தொடங்குகிறார். அந்தத் தேடலும் பழக்கமான இடத்திலிருந்தே தொடங்குகிறது. கூடுதல் விளம்பரம் கேட்கலாமா, எந்தச் சரக்கின் விலையைக் குறைக்கலாம் என்பவை முதலில் வரும். விலை வைக்கும் முறையையே மாற்றலாமா என்பது வெகு பின்னால் வரலாம், வராமலும் போகலாம். தேடலைத் தூண்டுவது சிக்கல். தேடல் சிக்கலின் அண்டையிலேயே சுற்றுகிறது என்று சையர்ட்டும் மார்ச்சும் பொதுமைப்படுத்தினார்கள்.

கணினி வாங்கலாமா?

மறுமுனைக்கு, சையர்ட், சைமன், ட்ரோ மூவரும் 1956-இல் வெளியிட்ட கட்டுரை பொருந்தும். மின்னணுத் தரவுச் செயலாக்கக் கருவி வாங்கலாமா என்று ஒரு நிறுவனம் யோசித்த காலத்தில் ஆய்வாளர்கள் அந்த முடிவு உருவாவதைத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். கணினி அப்போது அலுவலகங்களுக்கு அறிமுகமாகிக்கொண்டிருந்த பொருள். பின்பற்ற முன்மாதிரி அதிகம் இல்லை.

பதிவில் தெரிந்தது, பழைய மாதிரியின் ஒவ்வொரு முன்னூகமும் உதிர்வதுதான். மாற்றுவழிகள் மேசைமேல் இருக்கவில்லை. தேடி எடுக்க வேண்டியிருந்தது. அவற்றின் விளைவுகளும் அப்படியே. இலாபம் என்ற ஒற்றை அளவுகோலால் எதையும் ஒப்பிடவில்லை. எண்ணாக்க முடியாத பல அம்சங்கள் கணக்கில் நுழைந்தன. சிறந்ததைத் தேடுவதைவிட, திருப்தி தருவதைக் கண்டுபிடிப்பதிலேயே முயற்சி குவிந்தது. எது சிக்கல் என்பதும் முன்கூட்டித் தெரிந்திருக்கவில்லை. இந்தக் கருவியால் நம் அலுவலகத்தில் எதைச் செய்யலாம் என்ற கேள்வியே வேலையின் பெரும்பகுதியைத் தின்றது.

கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. மொத்த முடிவு நிரல்சாராததாக இருந்தபோதும் அதன் உறுப்புகள் பழகிய வேலைகளே. செலவு மதிப்பிடுவது, ஆலோசகர்களை அணுகி ஒருவரை அமர்த்துவது, அறிக்கை எழுதி மேலே அனுப்புவது ஆகியவற்றுக்கெல்லாம் நிறுவனத்தில் வழி இருந்தது. புதிய முடிவு என்பது பழைய விதிகளை, முன்பு கோர்க்காத வரிசையில் கோர்ப்பது. எனவே 'இது நிரல்சார் முடிவா, நிரல்சாராததா' என்று கேட்பதைவிட, 'இந்த முடிவின் எந்தப் பகுதியில் தேடல் இன்னும் முடியவில்லை' என்று கேட்பது கூடுதல் விளக்கம் தரும் என்று தோன்றுகிறது. உயர்மட்ட மேலாளருக்கு நிரல்சாராதவை, கீழ்மட்டத்தாருக்கு நிரல்சார்ந்தவை என்னும் பாடநூல் படமும் இதனால் தளர்கிறது. ஆண்டு வரவு செலவுத் திட்டத்தைப் போன ஆண்டு எண்ணோடு சில சதவீதம் கூட்டி முடிக்கும் இயக்குநர் விதிப்படி நடக்கிறார். அறிமுகமில்லாத ஒரு பழுதின் முன் நிற்கும் மேற்பார்வையாளர் தேடுகிறார்.

மறுப்புகள்

இந்தப் பார்வைக்கு வலுவான முதல் மறுப்பு மில்ட்டன் ஃபிரீட்மன் 1953-இல் எழுதியது. பில்லியர்ட்ஸ் வல்லுநர் வடிவக் கணிதச் சமன்பாடுகளைத் தீர்ப்பதில்லை. ஆனால் தீர்த்தவர்போலவே பந்தை அடிக்கிறார். அதுபோல மேலாளர் கணக்கிடாவிட்டாலும், போட்டியில் பிழைத்திருப்பவர் உச்ச இலாபத்தைக் கணக்கிட்டவர்போலவே நடந்துகொள்வார். மனத்துக்குள் நடப்பது கோட்பாட்டுக்குத் தேவையில்லை. மறுப்பில் பொருள் இருக்கிறது. 40 சதவீதம் என்ற வழக்கம் பல கடைகள் முயன்று, சில மூடப்பட்டு, எஞ்சியவை கைக்கொண்டதாக இருக்கலாம். ஆயினும் ஃபிரீட்மனின் சொந்த அளவுகோல் கணிப்புத்திறன். அந்த அளவுகோலின்படி, 4.95 என்று சொன்னது விதி. உச்ச இலாபக் கோட்பாட்டால், அந்தப் பொருளின் தேவை எப்படி விலைக்கு ஏற்ப நெளிகிறது என்று தெரியாமல், ஒரு விலையையும் சொல்ல முடியாது. மேலும், போட்டி நல்ல விதிகளைப் பொறுக்கி எடுக்க நாள் எடுக்கும். அதற்குள் சூழல் மாறினால், பொறுக்கி எடுக்கப்பட்டது நேற்றைய சூழலுக்குரிய விதி. எனினும் நெடுங்காலச் சந்தைப் போக்கைப் பேசும்போது ஃபிரீட்மனின் குறுக்குவழி பயன்படுவதை மறுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு நயமானது. தகவல் தேடச் செலவாகிறது என்பதை 1961-இல் ஸ்டிக்லர் பொருளியல் கணக்குக்குள் கொண்டுவந்தார். அப்படியானால் 'போதும்' என்று நிறுத்துவது, தேடலின் செலவையும் சேர்த்துப் பார்த்த உச்சப் பயனே அல்லவா? இன்னும் ஓர் இடம் பார்ப்பதால் வரும் ஆதாயம் அதன் செலவைவிடக் குறையும்போது நிறுத்துபவர் பழைய மாதிரியை மீறவில்லையே? ஆனால் அந்த ஆதாயத்தைக் கணக்கிட, இன்னும் பார்க்காத இடங்கள் எப்படிப்பட்டவை என்று ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளவும் தேடல் வேண்டும், அதற்கும் செலவு, அந்தச் செலவு தகுமா என்று பார்க்க இன்னொரு கணக்கு. இந்தப் படிக்கட்டுக்கு முடிவில்லை. எங்கோ ஓரிடத்தில் கணக்கின்றி நிறுத்தியாக வேண்டும். விலைகளின் பரவல் ஏற்கெனவே தெரிந்த பழகிய சந்தையில் ஸ்டிக்லரின் கணக்கு நன்றாகவே ஓடும். 1956-இன் கணினி போன்ற இடத்தில் அது தொடங்கவே இடமில்லை.

மூன்றாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது: சைமன் போதிய அளவு விலகவில்லை என்பது அது. அவருடைய மேலாளர் சிக்கலைக் காண்கிறார், வழிகளை வடிவமைக்கிறார், தேர்ந்தெடுக்கிறார். ஒழுங்கான மூன்று படிகள். 25 பெரிய முடிவுகளை ஆராய்ந்து மின்ட்ஸ்பெர்க்கும் வேறு இருவரும் 1976-இல் வெளியிட்ட கட்டுரை, படிகள் இருப்பதை ஒப்புக்கொண்டு, நடப்பு அவற்றுக்கிடையே முன்னும் பின்னும் அலைவதைக் காட்டியது. கோஹன், மார்ச், ஓல்சன் மூவரும் 1972-இலேயே இன்னும் தொலைவு சென்றிருந்தார்கள்: பல்கலைக்கழகம் போன்ற அமைப்புகளில் சிக்கலுக்குத் தீர்வு தேடப்படுவதைப் போலவே, கையில் உள்ள தீர்வு தனக்கேற்ற சிக்கலைத் தேடுகிறது. வேலை தேடிய மேலாண்மை மாணவர்களை ஆராய்ந்த சோல்பெர்க், தங்களுக்குப் பிடித்த வேலையை அவர்கள் மனத்துக்குள் தேர்ந்துவிட்டு, அதன்பின் நெடுநாள் ஒப்பிட்டுக்கொண்டிருந்ததைக் கண்டார். அந்த ஒப்பீடு தேர்வுக்கு வழிகாட்டவில்லை, தேர்வுக்கு நியாயம் சேர்த்தது. இவை சைமனின் படிவரிசையைப் பாதிக்கின்றன என்பதில் ஐயமில்லை. 'போதும்' என்ற மட்டத்தை அவை தொடவில்லை. சொல்லப்போனால் சோல்பெர்க்கின் மாணவர், போதும் என்று முடிவுகட்டியதை மற்றவர்களிடம் ஒப்புக்கொள்ளாத மனிதர், அவ்வளவே.

கேரி கிளைன் தீயணைப்பு வீரர்களிடம் கண்டது இவற்றைவிட ஆழமான கேள்வியை எழுப்புகிறது. அனுபவம் மிக்க தலைமை வீரர் இரண்டு வழிகளை ஒப்பிடுவதே அரிது. பார்த்ததும் நிலைமையை அடையாளம் காண்கிறார். மனத்தில் தோன்றும் முதல் வழியைக் கற்பனையில் ஓட்டிப் பார்க்கிறார். தடை தெரியாவிட்டால் இறங்குகிறார். அப்படியானால் இது எந்த வகை? எழுதிய விதி இல்லை, தேடலும் இல்லை. உள்ளுணர்வு என்பது அனுபவம் சேர்த்துவைத்த அடையாளம் காணல்தான் என்று சைமனே 1987-இல் எழுதினார். அந்த அர்த்தத்தில் இது எழுதப்படாத நிரல். ஆனால் எழுதப்படாத நிரலைப் பிறர் சோதிக்க முடியாது. 2009-இல் கிளைனும் கானமனும் சேர்ந்து எழுதிய கட்டுரை இரண்டு நிபந்தனைகளை வைத்தது: சூழலில் கற்கத்தக்க ஒழுங்கு இருக்க வேண்டும், செய்தது சரியா தவறா என்று கற்கும் அளவுக்கு அடிக்கடி தெரியவர வேண்டும். தீயில் இரண்டும் ஓரளவு உண்டு. வாழ்நாளில் இரண்டு மூன்று நிறுவனங்களை விலைக்கு வாங்கும் தலைவருக்கு இரண்டும் இல்லை. அவரும் அதே உறுதியோடு பேசக்கூடும் என்பதுதான் தொல்லை.

எந்த முனை என்று யார் சொல்வது?

பாகுபாட்டின் பலவீனம் முழுதாக வெளிப்படுவது, ஒரு நிலைமையை எந்த முனையில் வைப்பது என்பதே சர்ச்சையாகும்போது. 1986 ஜனவரி 27 மாலை, சேலஞ்சர் விண்ணோடம் கிளம்புவதற்கு முந்தைய நாள், திட ராக்கெட்டுகளைத் தயாரித்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தாரும் நாசா அதிகாரிகளும் தொலைபேசிவழி கூடினார்கள். அதற்கு முன் மிகக் குளிரில் கிளம்பிய விண்ணோடத்தில் ராக்கெட் இணைப்புகளின் வெப்பநிலை 53 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 12 டிகிரி செல்சியஸ். அதில் இணைப்புகளைக் காக்கும் ரப்பர் வளையங்களைத் தாண்டிச் சூடான வாயு கசிந்திருந்தது. மறுநாள் அதைவிட வெகுவாகக் குளிரும் என்பதால், 53 டிகிரிக்குக் கீழே கிளம்ப வேண்டாம் என்று பொறியாளர்கள் பரிந்துரைத்தார்கள். நாசா தரப்பு அதைக் கடுமையாக எதிர்த்தது. தயோகால் மேலாளர்கள் தொலைபேசி இணைப்பைத் துண்டித்துத் தங்களுக்குள் பேசி, பரிந்துரையை மாற்றினார்கள். மறுநாள் காலை, ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸில் கிளம்பிய விண்ணோடம் 73-ஆவது நொடியில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள்.

விதியை மீறியதால் வந்த விபத்து என்று படிப்பது எளிது. சமூகவியலாளர் டயான் வாகனின் 1996-ஆம் ஆண்டு நூல் வேறுவிதமாக வாதிடுகிறது. முந்தைய பயணங்களில் வளையம் அரிக்கப்பட்ட ஒவ்வொருமுறையும் அது ஆராயப்பட்டு, ஏற்கத்தக்க அபாயம் என்று பதிவானது. அந்தப் பதிவுகள் சேர்ந்து ஒரு வழக்கமாயின. கிளம்புமுன் செய்யும் பரிசீலனை அந்த வழக்கத்தின்படியே நடந்தது. எண்ணோடு வராத ஐயம் அங்கே செல்லாது என்பதும் வழக்கம். பொறியாளர்களிடம் அந்தக் குளிருக்கான எண் இல்லை. மேலாளர்கள் முன்னால் இருந்தது தரவே இல்லாத புது நிலைமை. அவர்கள் அதைத் தெரிந்த நிலைமையின் இன்னொரு பதிப்பாக எடுத்து, அதற்குரிய நிரலை ஓட்டினார்கள். வாகனின் விளக்கம் முழுவதையும் எல்லா ஆய்வாளரும் ஏற்றார்கள் என்று சொல்ல முடியாது; கால அட்டவணையின் நெருக்கடிக்கு அதிக எடை தருபவர்களும் உண்டு. ஆனால் ஓர் அடையாளத்தை இது தெளிவாகத் தருகிறது: விதி உருவான தரவின் எல்லைக்கு வெளியே இன்றைய நிலைமை நிற்கிறதா என்ற கேள்வி. 12 டிகிரி வரை மட்டுமே அனுபவம் உள்ள விதிக்கு 2 டிகிரியைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

தீராமல் இருப்பவை

இரண்டு கேள்விகள் இன்னும் திறந்தே இருக்கின்றன. முதலாவது, 'போதும்' என்ற மட்டம் எங்கிருந்து வருகிறது என்பது. கடந்தகாலச் சாதனையும் ஒப்பான பிற நிறுவனங்களின் சாதனையும் அதை நிர்ணயிக்கின்றன என்று சையர்ட்டும் மார்ச்சும் சொன்னார்கள். பின்வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அந்தத் திசையிலேயே நடக்கின்றன. எந்த நிறுவனத்தை ஒப்பாகக் கொள்வது, இரண்டு அளவுகோல்களும் முரண்பட்டால் எது வெல்லும் என்பதில் ஒத்த கருத்து இல்லை. இது தீராதவரை, மேலாளர் எதைத் தேர்ந்தாலும் அது அவருக்குப் போதுமானதாக இருந்தது என்று பின்னால் சொல்லிவிட முடியும். கோட்பாட்டைப் பொய்ப்பிக்க வழியில்லாத இந்த ஓட்டையைச் சைமனின் விமர்சகர்கள் சுட்டியது நியாயமே. மட்டத்தை முன்கூட்டியே அளந்து வைத்த ஆய்வுகளுக்கு மட்டும் இந்தக் குறை பொருந்தாது.

இரண்டாவது, அமைப்புக்குள் யார், எப்போது விதியை நிறுத்தித் தேடலைத் தொடங்குவது என்பது. இலக்கு தவறினால் தேடல் தொடங்கும் என்பது கடையின் ஆய்வு தந்த விடை. ஆனால் சேலஞ்சருக்கு முந்தைய பயணங்களில் இலக்கு தவறவில்லை. விண்ணோடங்கள் பத்திரமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. தோல்வி வரும்வரை காத்திருக்க முடியாத இடங்களில் எது தூண்டுகோலாக முடியும் என்பதற்குக் கோட்பாடு உறுதியான விடை தரவில்லை. இதைச் சிக்கலாக்கும் இன்னொரு கண்டறிதல் மார்ச்சும் சைமனும் 1958-லேயே எழுதியது: ஒரே நபரிடம் விதிப்படியான வேலையும் விதியில்லாத வேலையும் இருந்தால், முன்னது பின்னதைத் தள்ளிவிடும். இரண்டையும் வேறு வேறு ஆட்களிடம் கொடுப்பது அவர்கள் கண்ட ஒரு வழி. திட்டப் பிரிவு, ஆராய்ச்சிப் பிரிவு என்று நிறுவனங்கள் செய்வதும் அதுவே. அப்படிப் பிரிக்கும்போது, விதி பொருந்தவில்லை என்பதை முதலில் கண்ணால் காணும் ஆள் விதியை மாற்றும் ஆளிடமிருந்து தள்ளிப் போகிறார். அந்த இடைவெளி எவ்வளவு இருக்கலாம் என்பது துறைக்குத் துறை மாறும் என்பதற்கு மேல் இதுவரை உள்ள ஆய்வுகளை வைத்துப் பொதுவாகச் சொல்ல முடியவில்லை.